எவரோடு ஒப்பிடுவது?

கல்விக் கடன் விண்ணப்பத்தோடு வரும் மாணவரிடம் வங்கி அலுவலர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்பதே அது. மைசூரு போன்ற கல்லூரி நகரத்தில் பணியாற்றுவோர் இவ்வினாவை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பலமுறை கேட்க நேர்கிறது. கிடைக்கும் விடைகளைக் கூர்ந்து கவனித்தால் அவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ‘வகுப்பில் நான் இருக்கும் இடத்துக்கு இதுதான் பொருந்தும்’ என்பது ஒன்று. ‘என்னோடு இருப்பவர்கள் எல்லாரும் இதற்குத்தான் போகிறார்கள்’ என்பது மற்றொன்று.

இரண்டு விடையிலும் படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறரைப் பற்றியே பேச்சு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முதல் விடையில் பிறர் ஓர் அளவுகோலாக நிற்கின்றனர். இரண்டாவதில் ஒரு விதியாக நிற்கின்றனர். இவ்வேறுபாட்டைச் சமூகவியல் அறிஞர்கள் நெடுநாளாக ஆராய்ந்து வந்துள்ளனர். மாணவர் கையொப்பமிடும் கடன் பத்திரத்தின் தொகை சில வேளைகளில் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைவதால், அதை இவ்விதழின் வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது.

ஒருவர் தம்மை மதிப்பிட்டுக்கொள்ளவும், தமக்கு எது தகும் என்று முடிவு செய்யவும் மனத்தில் முன்னிறுத்திக்கொள்ளும் கூட்டத்தை ‘ஒப்பீட்டுக் குழு’ எனலாம். 1942-ஆம் ஆண்டு ஹெர்பர்ட் ஹைமன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மக்கள் தம் தகுதிநிலையை எவ்வாறு உணர்கின்றனர் என்று ஆராய்ந்தபோது இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். நாம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோமோ அதுவே நம் ஒப்பீட்டுக் குழுவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கூட்டத்தில் இருந்துகொண்டே வேறொரு கூட்டத்தைப் பார்த்து வாழ்பவர்கள் எங்கும் உண்டு.

இதைக் காண மைசூரு மக்கள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்நகரில் 1916-இல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் பயின்ற எம். என். சீனிவாஸ், குடகு மக்களைப் பற்றி 1952-இல் வெளியிட்ட நூலில் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்னும் கருத்தை முன்வைத்தார். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள் தமக்கு மேலே கருதப்பட்டவர்களின் உணவு, சடங்கு, வழிபாட்டு முறைகளை ஏற்றுக்கொண்டு உயர முயல்வதை அது விளக்கிற்று. பின்னர், 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கித் தாம் செய்த கள ஆய்வின் துணையோடு, பின்பற்றப்படுவோர் எங்கும் பிராமணராகவே இருப்பதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தந்த வட்டாரத்தில் நிலமும் எண்ணிக்கையும் செல்வாக்கும் உடைய சாதியே பல இடங்களில் மாதிரியாகிறது. ஆக, மக்கள் ‘உயர்ந்தோர்’ என்று பொதுவில் ஒருவரைப் பார்ப்பதில்லை; தம் கண்ணுக்கு எட்டும் தொலைவில் உயர்ந்து நிற்பவரையே பார்க்கின்றனர். கல்லூரி விடுதிக்கும் இது அப்படியே பொருந்தும். மாணவரின் கண்ணுக்கு எட்டும் தொலைவு பெரும்பாலும் ஒரு வகுப்பு, ஒரு விடுதித் தளம், ஒரு கைப்பேசித் திரை.

முதலில் அளவுகோலைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டவுஃபர் என்பவரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அமெரிக்கப் படைவீரர்களிடம் விரிவான கருத்துக் கணிப்புகளை நடத்திற்று. 1949-இல் வெளியான அதன் முடிவுகளுள் ஒன்று பலரை வியப்பில் ஆழ்த்தியது. விமானப்படைப் பிரிவில் பதவி உயர்வு விரைவாகக் கிடைத்தது. இராணுவக் காவல் பிரிவில் அது அரிது. ஆனால் பதவி உயர்வு முறை நியாயமானதுதானா என்று கேட்டபோது, மிகுதியாக மனக்குறைப்பட்டவர்கள் விமானப்படைப் பிரிவினரே. காரணம் எளிது. காவல் பிரிவில் உயர்வு பெறாதவர் தம்மைச் சுற்றிப் பார்த்தால் எல்லாரும் தம்மைப் போலவே இருந்தனர். விமானப் பிரிவில் உயர்வு பெறாதவரைச் சுற்றியோ உயர்வு பெற்றவர்கள் நிறைந்திருந்தனர். குறை உணர்வு உண்மை நிலையிலிருந்து எழவில்லை. அருகில் இருப்பவரோடு ஒப்பிட்டதிலிருந்து எழுந்தது. ராபர்ட் மெர்ட்டன், ஆலிஸ் கிட் ஆகிய இருவரும் 1950-இல் இம்முடிவுகளை எடுத்துக்கொண்டு ஒப்பீட்டுக் குழு பற்றிய கோட்பாட்டை விரித்தெழுதினர்.

இதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் டேவிஸ். 1961-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து பட்டம் பெற்ற மாணவர்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, 1966-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் அறிய விரும்பியது இதுதான்: மேற்படிப்பும் கடும் உழைப்பும் வேண்டும் அறிவியல், மருத்துவம், சட்டம் போன்ற துறைகளை நோக்கி ஓர் இளைஞர் செல்லத் துணிவது, அவர் படித்த கல்லூரியின் தரத்தைப் பொறுத்ததா, அக்கல்லூரிக்குள் அவர் பெற்ற மதிப்பெண்ணைப் பொறுத்ததா? கல்லூரியின் தரத்தைவிட அதற்குள் அவர் பெற்ற மதிப்பெண்ணே வலிமையான காரணியாக இருப்பதை அவர் கண்டார். திறமையில் நிகரான இருவருள் ஒருவர் கடும் போட்டி உள்ள கல்லூரியில் சேர்ந்து நடுவில் நிற்கிறார். மற்றொருவர் எளிய கல்லூரியில் சேர்ந்து முன்னணியில் நிற்கிறார். உயர்ந்த துறையை நாடும் துணிவு பின்னவருக்கே மிகுதி. டேவிஸ் இதைத் தவளைக் குளத்துக்கு ஒப்பிட்டார். தவளை தன் உடலின் அளவைக் குளத்தில் உள்ள மற்றத் தவளைகளைப் பார்த்தே அறிகிறது. பக்கத்துக் குளத்தை அது பார்ப்பதில்லை.

நம் ஊர்க் கிணற்றுத் தவளை வேறு வகை. அது தன்னைப் பெரிதாக எண்ணிக்கொள்ளும். டேவிஸின் தவளைகளுள் பல தம்மைச் சிறிதாக எண்ணிக்கொள்பவை. அதனால் இழப்பும் மிகுதி.

இதிலிருந்து, பிள்ளைகளை எளிய கல்லூரியில் சேர்ப்பதே மேல் என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. கல்லூரியில் கடைசி வரிசையில்தான் நிற்பார் என்று உறுதியாகத் தெரியும்போது, பெயர்பெற்ற கல்லூரிக்கு அனுப்புவதன் தீமையையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற அளவில்தான் டேவிஸ் கருதினார். நம் நாட்டில் வேறொரு கணக்கும் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வருவதில்லை. வரும் நிறுவனங்களும் குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றை வைத்து, அதைத் தாண்டியவர்களைத் தேர்வு எழுத விடுகின்றனவேயன்றி, வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்பது குறைவு. பெரிய குளத்தில் நடுவில் நிற்பவருக்கு அதனால் கேடில்லை. கேடு, அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளும் தீர்ப்பில்தான்.

இனி, விதியாக நிற்கும் குழுவைப் பார்ப்போம். இதற்குப் பெயர்பெற்ற சான்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1932-இல் தொடங்கிய பென்னிங்டன் என்னும் பெண்கள் கல்லூரி. செல்வமும் பழமைப் பற்றும் மிக்க குடும்பங்களின் பெண்கள் அங்கே படித்தனர். ஆசிரியர்களோ பெரும்பாலும் இளையவர்கள், முற்போக்குக் கருத்தினர். அங்குப் பணியாற்றிய தியோடர் நியூகோம் 1935 முதல் 1939 வரை மாணவியரின் அரசியல் மனப்பாங்கைத் தொடர்ந்து பதிவு செய்தார். 1936-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் தேர்தலை ஒட்டி எடுத்த கணக்கில், முதலாண்டு மாணவியருள் நூற்றுக்கு 62 பேர் பழமைக் கட்சியின் வேட்பாளரான லாண்டனை ஆதரித்தனர். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவியருள் அவரை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 15 பேர் மட்டுமே. வீட்டின் கருத்து இரண்டு மூன்று ஆண்டுகளில் கல்லூரியின் கருத்தாகிவிட்டது.

நியூகோமின் ஆய்வில் இந்த மாற்றத்தைவிட நம் கவனத்துக்கு உரியவர்கள் மாறாத சிலர்தாம். அதே விடுதியில் தங்கினர், அதே உணவுக் கூடத்தில் உண்டனர், அதே வகுப்புகளில் அமர்ந்தனர், ஆனாலும் மாறவில்லை. அவர்களோடு உரையாடியபோது காரணம் தெளிந்தது. அவர்களுள் பலருக்கு ஒப்பீட்டுக் குழு வீடாகவே நீடித்தது. அல்லது, தம்மைப் போன்ற ஓரிரு தோழியரின் சிறுவட்டமாக இருந்தது. மற்றவர்களுக்கோ கல்லூரிச் சமுதாயத்தில் மதிப்பும் தலைமையும் வேண்டியிருந்தன. அம்மதிப்பு முற்போக்குக் கருத்துடையோருக்கே கிடைத்தது. ஒரு குழுவின் நடுவே வாழ்வது மட்டும் அதன் விதியை நம்முடையதாக்குவதில்லை. அக்குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று நாம் விரும்பும்போதே அதன் விதி நம்மேல் ஏறுகிறது.

அளவுகோல், விதி என்னும் இவ்விரு பணிகளையும் பிரித்துக் காட்டியவர் ஹெரால்டு கெல்லி, ஆண்டு 1952. ஒரே குழு ஒரே மாணவரிடம் இரண்டு பணிகளையும் செய்யக்கூடும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கவும் கூடும். இதை ஒரு கணக்கின் மூலம் விளக்குகிறேன். கீழே வரும் மாணவி விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவர்; எனினும் அவரைப் போன்றோரைக் கல்விக் கடன் மேசையில் இருக்கும் எவரும் அடையாளம் கண்டுகொள்வர்.

கொள்ளேகாலத்தைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். (1956 வரை அவ்வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவர்.) தந்தைக்குச் சிறிய மளிகைக் கடை, சொந்தமாக ஒரு வீடு. மகள் பி.யு.சி.யில் தம் கல்லூரியில் 120 பேருள் முதலிடம். மைசூரில் நல்ல பெயருடைய பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் பிரிவில் சேர்கிறார். அங்கே 60 பேர் கொண்ட வகுப்பில், பல மாவட்டங்களின் முதலிடங்கள் வந்து கூடியிருக்கின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் அவருடைய புள்ளி சராசரி 7.4, வகுப்பில் 38-ஆவது இடம்.

சேர்ந்தபோது எம்.டெக். படித்து ஆசிரியராக வேண்டும் என்பது அவர் விருப்பம். மூன்றாம் ஆண்டு முடிவில் அவ்விருப்பத்தைக் கைவிடுகிறார். ‘முப்பத்தேழு பேர் எனக்கு முன்னால் இருக்கிறார்கள், எனக்கு எதற்கு எம்.டெக்.?’ என்பது அவர் வாதம். இது அளவுகோலின் வேலை. 7.4 என்னும் புள்ளி ஓர் உண்மை. 38 என்னும் எண்ணோ அந்தக் குளத்தின் கணக்கு. மாணவி உண்மையை விட்டுவிட்டுக் குளத்தின் கணக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஓராண்டு கழிகிறது. விடுதியில் அவரோடு ஒரே தளத்தில் இருக்கும் ஐந்து தோழியர் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கின்றனர். பேச்செல்லாம் அதைப் பற்றியே. நுழைவுத் தேர்வு, ஆலோசனை நிறுவனம், விசா நேர்காணல் ஆகியவற்றின் மொழி அத்தளத்தின் மொழியாகிவிடுகிறது. எம்.டெக். தமக்கு மிகை என்று கருதிய அதே மாணவி, இரண்டாண்டு வெளிநாட்டுப் படிப்புக்கு 30 லட்சம் ரூபாய் கடன் கேட்டுத் தந்தையோடு வங்கிக்கு வருகிறார். தகுதி பற்றிய ஐயம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இம்முறை அவர் தம்மை அளக்கவில்லை. தளத்தின் விதியைப் பின்பற்றுகிறார். எவரிடம் எந்தப் பணி நடக்கிறது என்பதைப் பேச்சிலிருந்தே கண்டுகொள்ளலாம். அளவுகோலால் முடிவெடுப்பவர் ‘எத்தனையாவது’ என்று பேசுவார். விதியால் முடிவெடுப்பவர் ‘எல்லாரும்’ என்று பேசுவார்.

இப்போது தொகையைப் பார்ப்போம். படிப்பின் மொத்தச் செலவு 36 லட்சம் என்று கொள்வோம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, வெளிநாட்டுப் படிப்புக்குக் குடும்பத்தின் பங்கு நூற்றுக்கு 15. இக்குடும்பம் சற்றுக் கூடுதலாக 6 லட்சம் திரட்டிவிட்டது; மீதி 30 லட்சம் கடன். இவ்வளவு தொகைக்கு ஈடு வேண்டும். தந்தையின் வீட்டுப் பத்திரம் வங்கிக்கு வருகிறது. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தரை என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கின் எளிமைக்காக எடுத்துக்கொண்டது. எந்த வங்கியின் இன்றைய விகிதமும் அன்று. படிப்புக்காலம் இரண்டு ஆண்டு, அதன்பின் ஓராண்டு என மூன்று ஆண்டுகளுக்குத் தவணை இல்லை. ஆனால் தனிவட்டி சேர்ந்துகொண்டே வரும். முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டதாகக் கொண்டால், அவ்வட்டி 9 லட்சத்து 45 ஆயிரம். (கட்டணம் பருவந்தோறும் வழங்கப்படுவதால் நடைமுறையில் இது குறையும்.) தவணை தொடங்கும் நாளில் கடன் 39 லட்சத்து 45 ஆயிரம். பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 53,200 ரூபாய்.

அதே மாணவி இந்தியாவில் எம்.டெக். படிக்க 4 லட்சம் கடன் பெற்றால், மாதிரித் திட்டத்தின்படி சொத்து ஈடும் இல்லை. குடும்பப் பங்கும் இல்லை. அதே வட்டி, அதே மூன்று ஆண்டு இடைவெளி, அதே பத்தாண்டுத் தவணை என்று கணக்கிட்டால், தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சத்து 26 ஆயிரம். மாதத் தவணை ஏறத்தாழ 7,100 ரூபாய். கேட் தேர்வின் வழியே இடம் பெறுவோர்க்கு அரசின் மாத உதவித்தொகைக்கும் வாய்ப்புண்டு.

இரண்டாவதே நல்லது, முதலாவது தீயது என்று இதற்குப் பொருளில்லை. வெளிநாட்டில் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, நான்கே ஆண்டில் கடனை அடைத்து வீட்டுப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. என் கருத்து வேறு. மாதம் 7,100 ரூபாய் தவணையுள்ள வழியைக் கைவிடவைத்ததும் ஒப்பீடு. மாதம் 53,200 ரூபாய் தவணையுள்ள வழியில் செலுத்தியதும் ஒப்பீடு. இரண்டு இடத்திலும் அந்த மாணவியின் 7.4 புள்ளியோ, அவருக்கு மின்னணுவியலில் உள்ள ஈடுபாடோ, தந்தையின் கடை வருமானமோ முடிவில் பங்கு பெறவே இல்லை.

இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னாலும் பலர் மனம் மாறுவதில்லை. ஏனெனில் அவர்கள் கண்முன் வெற்றி பெற்றவர்கள் இருக்கின்றனர். ஒப்பீட்டுக் குழுவின் மற்றோர் இயல்பு இங்கே வெளிப்படுகிறது: மனத்தில் நிற்கும் குழு, உண்மையில் உள்ள குழுவின் ஒரு பகுதியே. வெளிநாடு சென்ற மூத்த மாணவருள் வேலை கிடைத்தவர் தசரா விடுமுறையில் ஊருக்கு வருவார், கல்லூரிக்குச் சென்று இளையவர்களிடம் பேசுவார், படங்களைப் பகிர்வார். வேலைக்காக இன்னும் அலைந்துகொண்டிருப்பவர் வரமாட்டார், வந்தாலும் பேசமாட்டார். கீழ்வகுப்பு மாணவர் காணும் குழுவில் அவர் இடம்பெறுவதே இல்லை.

உள்ளூரிலும் இதைக் காணலாம். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்துக்கு நாடெங்கிலுமிருந்து புதிய பட்டதாரிகள் வருகின்றனர். கழுத்தில் அடையாள அட்டையோடு வார இறுதியில் நகரில் உலவும் அவ்விளைஞர்கள், இங்குள்ள கல்லூரி மாணவர் பலரின் ஒப்பீட்டுக் குழு. சேர்ந்துவிட்டால் போதும் என்பதே கண்ணில் படும் செய்தி. பயிற்சியின் உள்தேர்வில் மூன்று வாய்ப்புகளிலும் தேறாத முந்நூறுக்கும் மேற்பட்டோர் விலக்கப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் நாளிதழ்களில் வந்தபோதுதான், அந்தக் குழுவுக்கு அப்படியொரு பகுதியும் உண்டு என்பது பலருக்குத் தெரிந்தது. தேர்வு வைப்பதும் தேறாதவரை விலக்குவதும் நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை; அதன் நியாயத்தை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. ஒப்பிடுவோர் அந்தப் பகுதியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதே செய்தி.

அவ்வாறானால், ஒப்பிடாமலே இருந்துவிடலாமா? அது இயலாது. வெளிப்படையான அளவுகோல் இல்லாத இடத்தில் மனிதர் தம்மைப் போன்றவரோடு ஒப்பிட்டே தம்மை அறிகின்றனர் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இலேயே விளக்கினார். ஆகவே செய்யக்கூடியவை இரண்டு. வெளிப்படையான அளவுகோல் இருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்துவது ஒன்று. குழுவை மாற்றிக்கொள்வது மற்றொன்று.

முதலாவதற்குப் பொறியியல், அறிவியல் மாணவருக்குக் கையெட்டும் தொலைவில் இருப்பது கேட் தேர்வு. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல். வகுப்பு எத்தகையது என்பதை அது பார்ப்பதில்லை. அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். கொள்ளேகால மாணவியின் 38-ஆவது இடத்துக்கு என்ன பொருள் என்பதை அத்தேர்வு ஒரே நாளில் சொல்லிவிடும். மூன்றாம் ஆண்டு மாணவரும் அதை எழுதலாம் என்பதால், விருப்பத்தைக் கைவிடும் முன்பே சோதித்துப் பார்க்க வழியுண்டு. வணிகவியல் மாணவருக்குப் பட்டயக் கணக்காளர் படிப்பின் தேர்வுகள் இப்பணியைச் செய்யும். நான் வணிகவியல் மாணவன் என்பதால் சொல்கிறேன்: அத்தேர்வுகளின் முடிவுகளில் கல்லூரியின் பெயர் எந்தச் சலுகையும் பெற்றுத் தருவதில்லை.

குழுவை மாற்றிக்கொள்வதில் எவரைத் தேர்வது என்பதற்குப் பொருளியல் அறிஞர் தேவராஜ் ராய் 2006-இல் வெளியான கட்டுரையொன்றில் ஒரு வழி காட்டியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு ‘விருப்பச் சாளரம்’ இருக்கிறது. அதன் வழியே தெரிபவர்களைப் பார்த்தே அவர் தம் விருப்பத்தை அமைத்துக்கொள்கிறார். சாளரத்தில் தெரிபவர்கள் தம் நிலையிலேயே இருந்தால் முயல்வதற்குக் காரணம் இருப்பதில்லை. மிக மிகத் தொலைவில் இருந்தாலும் முயற்சி எழுவதில்லை; எவ்வளவு உழைத்தாலும் எட்டாது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எட்டிப் பிடிக்கக்கூடிய இடைவெளியே உழைப்பைத் தூண்டும். வறுமையைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்து மாணவருக்கும் பொருந்தும். கொள்ளேகால மாணவிக்கு வகுப்பின் முதல் மாணவரும் உதவார்; பெருநிறுவனத் தலைவரின் வாழ்க்கை வரலாறும் உதவாது. அதே கல்லூரியில், அதே ஏழு, ஏழரைப் புள்ளியோடு, அதே அளவு வருமானமுள்ள வீட்டிலிருந்து வந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த நான்கைந்து பேர் அவருக்கு உதவுவர். அவர்களுள் வேலை கிடைக்காதவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். கல்லூரியின் பழைய மாணவர் பட்டியலிலிருந்தோ துறைத்தலைவரிடம் கேட்டோ இவர்களைக் கண்டுபிடிப்பது ஒரு வாரத்து வேலை.

நண்பர்களின் செல்வாக்கைப் பெற்றோர் சில வேளைகளில் அளவுக்கு மீறி அஞ்சுவதும் உண்டு. அறைத் தோழரே பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பார் என்று எண்ணி விடுதியை மாற்றுவோரைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் புதிய மாணவருக்கு அறைத் தோழர் ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கியது போல ஒதுக்கப்படுவதைப் பயன்படுத்தி, புரூஸ் சாசர்டோட் ஓர் ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டார். அறைத் தோழரின் தாக்கம் மதிப்பெண்ணில் தெரிந்தது. மாணவர் சங்கங்களில் சேர்வதிலும் தெரிந்தது. ஆனால் எந்தத் துறையை முதன்மைப் பாடமாகத் தேர்வது என்பதில் தெரியவில்லை. அன்றாட உழைப்பும் கூட்டத்தில் சேரும் ஆவலும் தொற்றக்கூடியவை. பாடத் தேர்வு அவ்வளவு எளிதில் தொற்றுவதில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். நண்பரின் இருசக்கர வாகனத்தையும் கைப்பேசியையும் பார்த்துத் தவணையில் வாங்குவது முதல் வகையைச் சேர்ந்தது. அதன் இழப்பு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துபோகும்.

பென்னிங்டன் மாணவியரை நியூகோம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தேடிச் சென்று வினவினார். அவர்களுள் பெரும்பாலோர் கல்லூரியில் கொண்ட கருத்துகளையே இன்னும் கொண்டிருந்தனர். அக்கருத்துகளோடு ஒத்துப்போகும் கணவரையும் நண்பர்களையும் அவர்கள் தேர்ந்துகொண்டிருந்ததை அவர் கண்டார். இருபது வயதில் தற்செயலாக அமைந்த குழுவைப் போன்றதொரு குழுவைத் தாங்களே தேடி அமைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயதிலும் அதன் நடுவிலேயே வாழ்ந்துகொண்டிருந்தனர்.